கவுனுக்கு வெளியே தெரிவது இரண்டே இடம்

கான்வொகேஷனுக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம், "உங்க காலேஜ் கவுன் முன்னாடி மூடுதா, திறந்திருக்கா?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். நிறையப் பேருக்கு அது தெரிந்திருக்காது. சேலை எடுத்து, வளையல் வாங்கி, பிளவுஸும் தைக்கக் கொடுத்துவிட்டு, ஒத்திகைக்குப் போகும்போதுதான் கவுனையே முதல்முறையாகப் பார்ப்பார்கள். போன வருடம் பட்டம் வாங்கிய சீனியர் யாரிடமாவது நின்றபடி எடுத்த முழு போட்டோ ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள், பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும். ஜிப் வைத்து மூடுகிற கவுன் என்றால் ஒரு கணக்கு, கழுத்தில் ஒரே ஒரு கொக்கியோடு கீழே வரை பிளந்து கிடக்கிற கவுன் என்றால் வேறு கணக்கு. பிளந்த கவுனில் நடக்க நடக்க மார்பிலிருந்து பாதம் வரை நடுவே ஒரு பட்டை அளவுக்குச் சேலை தெரிந்துகொண்டே இருக்கும்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. மாவட்டம் பாலக்காடு, பேச்சு தமிழ், படிப்புக்குப் பாதிப் பேர் கோயம்புத்தூர் பக்கம் பஸ் ஏறுகிறவர்கள். அம்மா பிளவுஸ் தைப்பவர் என்பதால் பட்டமளிப்பு விழா சீசனில் வீட்டுத் திண்ணையில் பெண் பிள்ளைகள் கூட்டம் இருக்கும். தைப்பது அம்மா, கட்டிவிட்டு ஊக்கு குத்துவது நான். அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

மூடுகிற கவுனையே எடுத்துக்கொள்வோம், எங்களிடம் வருகிறவர்களுக்கு அதுதான் அதிகம். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்ப் பட்டோ ஐநூறு ரூபாய்க் காட்டனோ, வெளியே தெரிவது இரண்டே இடம்தான். ஒன்று, கழுத்துக்குக் கீழே கவுன் V வடிவில் திறந்திருக்கிற சின்ன முக்கோணம். இன்னொன்று, கவுன் கெண்டைக்கால் பக்கம் முடிகிற இடத்திலிருந்து தரை வரை. நடுவில் இருக்கிற ஜரிகை, புட்டா, இடுப்புக் கொசுவத்தின் அழகு எல்லாம் கருப்புத் துணிக்குள் போய்விடும். அதனால் அந்த இரண்டு இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற சேலையைத் தேடுங்கள். எல்லோரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். விழா முடிந்ததும் கவுனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் சேலையில் குடும்பத்தோடு போட்டோ எடுப்பீர்கள் என்பது உண்மைதான், அதற்கும் சேலை நன்றாக இருக்க வேண்டும்தான். ஆனால் பெயரைக் கூப்பிட்டு மேடையில் எடுக்கிற அந்த ஒரு படம் கவுனோடுதான்.

சித்தி மகள் பி.காம் முடித்து விழாவுக்குப் போனபோது செய்ததைச் சொன்னால் எல்லாமே அதற்குள் வந்துவிடும். அவளுக்குக் கசவுச் சேலைதான் வேண்டும் என்று ஆசை. திருவில்வாமலை பக்கம் குத்தாம்புள்ளியில் நெய்த செட் சேலை, சித்தி ஓணத்துக்கு எடுத்து வைத்து ஒருமுறைகூடக் கட்டாதது. கருப்புக் கவுனுக்குள் அந்தச் சந்தன வெள்ளை எடுப்பாகத் தெரியும், தேர்வில் தப்பே இல்லை. சிக்கல் கஞ்சிதான். புதுக் கைத்தறிக் காட்டன் விறைத்து நிற்கும், கொசுவம் வயிற்றிலிருந்து முன்னால் தள்ளும், அதற்கு மேல் கவுனைப் போட்டால் முன்பக்கம் கூடாரம்தான். கொஞ்சம் பருமனான பெண் என்றால் ஜிப்பே இழுத்துக்கொண்டு நிற்கும். பச்சைத் தண்ணீரில் சோப்பு இல்லாமல் கொஞ்ச நேரம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் அலசி, நிழலில் காயப்போட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டோம். கஞ்சி இறங்கிய பிறகு கொசுவம் உடம்போடு ஒட்டி விழுந்தது. முதல் அலசலில் காட்டன் கொஞ்சம் சுருங்கும், ஃபால்ஸ் தைக்கிறதாக இருந்தால் இதற்குப் பிறகு தையுங்கள். முன்னாடியே தைத்துவிட்டால் சேலை ஒரு பக்கம் சுருங்கும், ஃபால்ஸ் ஒரு பக்கம் நிற்கும்.

அடுத்தது கழுத்து. கவுனை எங்களுக்கு முன்கூட்டியே கொடுக்கவில்லை. அதே கல்லூரியில் படித்த பெண் ஒருத்தி, தோள் மேட்டிலிருந்து V முடிகிற இடம் வரை கிட்டத்தட்ட ஒன்பது அங்குலம் இருந்தது என்று சொன்னாள். சித்தி மகள் வழக்கமாகப் போடுகிற பிளவுஸுக்கு முன்கழுத்து இறக்கம் ஏழு அங்குலம். ஏழு, ஒன்பது என்றால் முக்கோணத்தின் அடியில் இரண்டு அங்குலம் துணி, மேலே எல்லாம் வெறும் கழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் கவுனுக்குள் ஒன்றுமே போடாத மாதிரி இருக்கும், அதுவும் மேடையில் குனிந்து வணங்கும்போது சொல்லவே வேண்டாம். அம்மா அளவுப் பிளவுஸை விரித்து வைத்து, இறக்கத்தை ஐந்தாக்கி, ஆழமான வட்டக் கழுத்தை விட்டுவிட்டு அகலமான போட் நெக் வைத்தார். இப்போது முக்கோணத்தின் அடியில் நான்கு அங்குலத்துக்குத் துணி நிறைந்து, மேலே ஒரே ஒரு நேர்க்கோடு. அதிலும் ஜரிகை, பைப்பிங், முத்து எதுவும் வேண்டாம் என்றார் அம்மா. கவுன் ஓரம் ஒன்று, கவுனுக்கு மேல் கழுத்தைச் சுற்றிப் போட்டு முதுகில் தொங்கவிடுகிற ஹூட்டின் ஓரம் ஒன்று, சேலைக் கரை ஒன்று என்று அந்தச் சின்ன இடத்தில் ஏற்கெனவே கோடு அதிகம்.

ஸ்டாண்ட் காலர் வைத்த பிளவுஸ் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், தனியாகப் போட்டால் அழகுதான். ஆனால் ஹூட் கழுத்தைச் சுற்றி வரும்போது அந்தக் காலரை அமுக்கி மடக்கிவிடும், ஒரு பக்கம் நின்று ஒரு பக்கம் மடங்கிக் கிடக்கும். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஓர் அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம், உள்ளே நல்ல கேன்வாஸ் கொடுக்கச் சொல்லுங்கள்.

முந்தானைதான் பலரும் யோசிக்காத விஷயம். இடது தோளில் ஐந்தாறு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும், அதன்மேல் கவுன், அதன்மேல் ஹூட். இடது தோள் மட்டும் ஏறிப்போய், போட்டோவில் ஆள் சாய்ந்து நிற்பதுபோல் தெரியும். இதற்கு மடிப்பைக் குறைத்து அகலமாக்க வேண்டும். சித்தி மகளுக்கு நான்கே மடிப்பு வைத்து, கழுத்தை ஒட்டிக் குத்தாமல் தோளின் வெளி ஓரத்துக்குத் தள்ளிக் குத்தினேன். கழுத்துப் பக்கம் ஓர் அடுக்கு மட்டும் வந்ததால் ஹூட் மேடு பள்ளமில்லாமல் படிந்தது. முக்கோணத்தில் வலது பாதி பிளவுஸ், இடது பாதி சேலை என்று குறுக்காகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கான்ட்ராஸ்ட் பிளவுஸ் என்றால் அந்தச் சின்ன இடத்துக்குள் இரண்டு நிறம் அடித்துக்கொள்ளும். நாங்கள் சேலை நிறத்திலேயே பிளவுஸ் வைத்துக்கொண்டோம், கசவுக் கரை மட்டும் நடுவில் சாய்வாக வந்தது. முந்தானை நுனி பின்னால் முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, இறங்கினால் கவுனுக்கு அடியில் வால்போல் எட்டிப் பார்க்கும்.

இனி ஹூட். விழா நாளில் நான் அதிகம் கேட்கிற புலம்பல் இதுதான்: "அக்கா, கழுத்தை இறுக்குதுக்கா." காரணம் எளிது. ஹூட்டின் துணி பெரும்பகுதி முதுகுப் பக்கம் தொங்குகிறது, எடை முழுக்கப் பின்னால். நடக்க நடக்க அது பின்னால் வழுக்கும், முன்னால் V ஆக இருக்க வேண்டியது மேலேறித் தொண்டையில் வந்து நிற்கும். முன் நுனியின் உள்பக்கம் சின்னதாக ஒரு நூல் வளையம் இருக்கிற ஹூட்டும் உண்டு. அது சட்டைப் பட்டனில் மாட்டுவதற்கு. சட்டை போட்ட பையன்களுக்குப் பட்டன் இருக்கிறது, சேலைக்கும் சுடிதாருக்கும் எங்கே போவது? சிலர் அந்த வளையத்தைப் பிளவுஸ் கழுத்தில் ஊக்கால் குத்திவிடுவார்கள். அப்புறம் ஹூட் பின்னால் போகிறபோதெல்லாம் பிளவுஸையும் மேலே இழுத்துக்கொண்டு போகும். எடையைத் தாங்க வேண்டியது உங்கள் உடுப்பு இல்லை, கவுன். கவுனின் இரண்டு தோள் தையல் மேலும் ஹூட்டைச் சரியாக உட்காரவைத்து, உள்பக்கத்திலிருந்து தோளுக்கொரு ஊக்கு, தையல் மடிப்புக்குள்ளேயே போகிற மாதிரி குத்திவிட வேண்டும். வாடகைக் கவுன், சாட்டின் துணியின் நடுவில் குத்தினால் ஓட்டை தெரியும், தையலில் குத்தினால் தெரியாது. முன் நுனியில் மூன்றாவதாக ஒரு சின்ன ஊக்கு, அது நகராமல் இருக்க மட்டும். குத்தி முடித்ததும் இரண்டு கையையும் தூக்கி இறக்கச் சொல்லுங்கள், நான்கு எட்டு நடக்கச் சொல்லுங்கள். V அதே இடத்தில் இருந்தால் சரி. பையன்களுக்கும் இதையே சொல்வேன், வளையத்தை மட்டும் நம்பினால் சட்டை மேலேறி வயிற்றுப் பக்கம் பிதுங்கி நிற்கும்.

நகை பற்றி நீட்ட வேண்டியதில்லை. கழுத்தை ஒட்டிய நெக்லஸ் ஹூட்டில் மாட்டும், ஆரம் கவுனுக்குள் மறையும், மெல்லிய சங்கிலி ஒன்று போதும். தொப்பிக் குஞ்சம் எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்க ஜிமிக்கியில் சிக்கும், அன்றைக்கு மட்டும் தோடு போடுங்கள். மல்லிகைப்பூ வைக்காமல் எங்கள் ஊரில் யாரையும் அனுப்ப மாட்டார்கள். உச்சியில் வைத்தால் தொப்பி ஏறாது, பிடரியில் வைத்தால் ஹூட் நசுக்கும். பின்னலில் ஹூட்டுக்குக் கீழே வருகிற மாதிரி சின்னச் சரமாக வைத்துவிடுவேன், அல்லது பையில் கொடுத்தனுப்பி, கவுனைக் கழற்றிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல்வேன். கொண்டை வேண்டவே வேண்டாம்.

வெள்ளை, சந்தனம் மாதிரி வெளிர் நிறம் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். சில வாடகைக் கவுன்களின் கருப்புச் சாயம் வியர்வை பட்டால் விடும். பாலியஸ்டர் துணி, கூட்டம் நிறைந்த அரங்கு, வியர்க்காமல் இருக்காது. கவுன் கைக்கு வந்ததும் ஒரு வெள்ளைக் கர்சீப்பை நனைத்துப் பிழிந்து, கவுனின் உள்பக்கம் கழுத்து ஓரத்திலும் அக்குளிலும் பத்துப் பதினைந்து முறை அழுத்தித் தேயுங்கள். கர்சீப்பில் சாம்பல் நிறம் ஏறினால் அந்தக் கவுனை மாற்றிக் கேளுங்கள். மாற்ற முடியாது என்றால், பழைய கருப்புக் காட்டன் துப்பட்டாவை மடித்துத் தோள் மேல் போட்டுக்கொண்டு அதற்கு மேல் கவுனை மாட்டலாம், ஓரம் வெளியே எட்டிப் பார்க்காமல் ஒரு ஊக்கு குத்திக்கொண்டால் போதும். சித்தி மகளின் கர்சீப்பில் லேசாகத்தான் ஏறியது, இருந்தாலும் துப்பட்டா போட்டே அனுப்பினோம். மாலையில் வந்து கழற்றும்போது துப்பட்டா தொப்பலாக நனைந்திருந்தது, கசவு தப்பியது.

காலுக்கு வருவோம். செருப்பை யார் பார்க்கப் போகிறார்கள் என்பார்கள். மேடைக்குக் கீழே நிற்கிற போட்டோகிராபர் பார்ப்பார். மேடை மூன்று நான்கு அடி உயரம், அவர் கீழே நின்றால் கேமரா ஏறக்குறைய உங்கள் முழங்காலுக்கு நேராக இருக்கும், கொஞ்சம் குனிந்துவிட்டால் பாதத்துக்கு நேராக. பட்டம் வாங்குகிற படத்தில் பாதம் பெரிதாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். அதோடு உடம்பெல்லாம் ஒரே கருப்பு, கண் நேராக முகத்துக்கும் காலுக்கும்தான் போகும்.

ஆனால் அழகை விட முக்கியம் படி. விழாவுக்காகப் போடுகிற மேடை என்றால் பலகை அடித்து, மேலே சிவப்புக் கம்பளம் விரித்திருப்பார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், கம்பளம் அதை மறைத்திருக்கும், ஊசிக் குதிகால் நேராக அதற்குள் இறங்கும். படியும் வீட்டுப் படியை விட உயரமாக இருக்கலாம். குதிகால் அகலமாக, ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாமல், பின்னால் வார் வைத்த செருப்புதான் சரி. வார் இல்லாத செருப்பு படி ஏறும்போது குதிகாலை விட்டுக் கழன்று, கீழே தொங்குகிற சேலையையும் சேர்த்து மிதிக்கும். புதுச் செருப்பின் அடிப்பாகம் வழுக்கும், வாசலில் சிமெண்டுத் தரையில் நன்றாகத் தேய்த்து நடந்து சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கிற நேரம் மேடையில் நடக்கிற நேரத்தைப் போல் பல மடங்கு, அதனால் வீட்டிலேயே கொஞ்ச நாள் போட்டுப் பழகாத செருப்பு வேண்டாம்.

சேலையின் உயரத்தை அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கணக்கிட வேண்டும். வெறுங்காலில் கட்டிவிட்டு அப்புறம் செருப்பு மாட்டினால் கீழே கணுக்கால் தெரியும், கவுனுக்கும் காலுக்கும் நடுவே சேலை அறுந்து தொங்குகிற மாதிரி இருக்கும். முன்பக்கம் செருப்பின் மேல்பட்டையைத் தொட்டு, தரைக்கு அரை அங்குலம் மேலே நின்றால் போதும். வழக்கமாகக் கட்டுவதை விட இது ஒரு விரல்கடை உயரம், அம்மாக்களுக்குப் பிடிக்காது. சித்தியும், "ஏன்டி இவ்ளோ தூக்கிக் கட்டிவிட்டே, நாத்து நடவா போறா?" என்றார். படி ஏறும்போது கவுனோடு சேர்த்துச் சேலையைத் தூக்க வேண்டும், கவுனை மட்டும் தூக்கினால் உள்ளே இருக்கிற கொசுவம் அப்படியே காலடியில் கிடக்கும். இடது கையால் கவுனுக்கு வெளியிலிருந்தே தொடைப் பக்கம் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து ஓர் அங்குலம் தூக்கினால் போதும், வலது கை பட்டம் வாங்க. வீட்டுப் படியில் பழைய நைட்டியைக் கவுனாக மேலே மாட்டிவிட்டுச் சித்தி மகளை ஏறி இறங்க வைத்தேன், தெருவே பார்த்துச் சிரித்தது. கொசுவத்துக்கு இடுப்பில் மட்டும் ஊக்கு, முழங்கால் பக்கம் குத்தவே கூடாது, உயரமான படியில் கால் அகலாது. முத்துக் கொலுசு ஃபால்ஸ் நூலில் மாட்டும், கழற்றி வைத்துவிடுங்கள்.

செட் முண்டு கட்டுகிறவர்களுக்கு இடுப்பில் கொசுவம் இல்லாததால் கவுன் அழகாகப் படியும், ஆனால் கால் எட்டிவைக்க இடம் குறைவு, படியில் பக்கவாட்டாகத்தான் ஏற வேண்டி வரும். சுடிதார் என்றால் டாப் பெரும்பாலும் கவுனுக்குள்ளேயே மறைந்துவிடும், கீழே பேன்ட் மட்டும்தான் தெரியும், அதனால் டாப்புக்குச் செலவு செய்வதை விடப் பேன்டைப் பாருங்கள். லெக்கிங்ஸ் போட்டால் கருப்புக் கூடாரத்துக்குக் கீழே இரண்டு குச்சி. நேராக விழுகிற காட்டன் பேன்ட் எவ்வளவோ மேல். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அனார்கலி வேண்டாம், அதன் வட்டம் கவுனை ஊதிவிடும்.

பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, அடர் நிறப் பேன்ட், கருப்பு ஷூ, கணுக்காலுக்கு மேல் வருகிற கருப்பு சாக்ஸ், முடிந்தது. கோட் உள்ளே வேண்டாம், வெந்துபோவீர்கள், தோளும் இரட்டிப்பாகும். டை கட்டினால் முடிச்சு சின்னதாக இருக்கட்டும். வேட்டி கட்டலாமா என்று கேட்டான் பெரியப்பா பையன். கல்லூரி சுற்றறிக்கையில் தடை இல்லை என்றால் தாராளமாகக் கட்டலாம், கருப்புக்குக் கீழே வெள்ளையும் கரையும் கம்பீரமாகத்தான் இருக்கும். ஒட்டிக்கோ வேட்டியாக இருந்தாலும் மேலே ஒரு பெல்ட். கவுனுக்குள் கையை விட்டு அவிழ்ந்த வேட்டியைச் சரிசெய்வது லேசுப்பட்ட வேலை இல்லை.

விழாவுக்குப் போகும்போது பையில் ஆறேழு ஊக்கு, இரண்டு கர்சீப், தொப்பிக்கு நான்கு ஹேர்பின். தொப்பி நெற்றியில் தட்டையாக உட்கார வேண்டும், பின்னால் சாய்ந்தால் விழும், உள்பட்டைக்குள் ஹேர்பின் குத்தினால் நிற்கும். கவுனைத் திருப்பிக் கொடுக்கும்போது தோள் தையலில் குத்தின ஊக்குகளை எடுத்துவிட்டீர்களா என்று தடவிப் பாருங்கள். எடுக்காமல் கொடுத்த கவுன்கள் நிறைய சுற்றுகின்றன, மாட்டிவிடும்போது என் விரலில் ஏறியிருக்கிறது.